"ஒண்டும் இல்லை எண்டு போடு": அவுஸ்திரேலியா போகும் மாணவர்களும் சுகாதாரக் காப்புறுதியும்

அவுஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகிற ஒருவரின் கோப்பை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு பத்திரமாகப் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். வங்கிக் கூற்றைத் தகப்பன் பத்துத் தரம் பார்த்திருப்பார். கம்பஸ் அனுமதிக் கடிதத்தைக் கலர் பிரிண்ட் எடுத்து வைத்திருப்பார்கள். இவ்வளவுக்கும் கீழே ஒரு காப்புறுதிச் சான்றிதழ் கிடக்கும். அதை எந்த நிறுவனம் தந்தது, என்னத்துக்குக் காசு தரும், என்னத்துக்குத் தராது என்று கேட்டால் போகிற பிள்ளைக்கும் தெரியாது, காசு கட்டின தகப்பனுக்கும் தெரியாது. ஏஜென்சியில் ஒரு பெட்டியில் சரி போட்டார்கள், விசாவுக்கு அது போதும், அவ்வளவுதான்.

அந்தக் கடதாசியின் பெயர் ஓ.எஸ்.எச்.சி., அதாவது வெளிநாட்டு மாணவர் சுகாதாரக் காப்புறுதி. மாணவர் விசாவின் (சப்கிளாஸ் 500) நிபந்தனைப்படி அங்கே இருக்கும் முழுக்காலத்துக்கும் அது இருக்கவேண்டும். பிரிட்டன், இத்தாலி, நியூசிலாந்து போன்ற சில நாடுகளோடு அவுஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர சுகாதார ஒப்பந்தம் உண்டு, இலங்கையோடு இல்லை. ஆகவே அங்குள்ள அரச ஆஸ்பத்திரிக்கு நாங்கள் முழுக்காசு கட்டும் நோயாளிகள். வாட்டில் ஒரு நாள் கிடந்தாலே ஆயிரம் டொலருக்கு மேல் போகும். இந்தக் கடதாசி இல்லாமல் அங்கே நோயாளியாகப் படுத்தால் வீட்டில் உள்ள காணியைத்தான் பார்க்கவேண்டும்.

இந்தக் காப்புறுதியின் எல்லா மூலைகளையும் இங்கே அலசப்போவதில்லை. எங்கள் வீடுகளில் ஆகக்கூடிய பொய் சொல்லப்படும் ஒரு இடத்தை மட்டும் எடுக்கிறோம். ஏற்கெனவே இருக்கிற வருத்தம்தான் அது.

"ஒண்டும் இல்லை எண்டு போடு." எந்தப் படிவத்தை நீட்டினாலும் எங்கள் வீட்டில் வரும் முதல் அறிவுரை இது. முட்டு வருத்தம் இருக்கிறவனுக்கும், தைரொயிட்டுக்கு மாத்திரை எடுக்கிறவளுக்கும், ஒரு காலம் மனநல கிளினிக் போய்வந்தவருக்கும் இதையேதான் சொல்வார்கள். காரணம் விளங்காமல் இல்லை. வேலை, கலியாணம், விசா என்று எல்லா இடத்திலும் வருத்தத்தைச் சொன்னவன் தோற்றதைத்தான் எங்கள் சனம் கண்டிருக்கிறது. ஆனால் இந்தக் காப்புறுதி விஷயத்தில் அந்த அறிவுரைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, சில நேரம் அது ஆபத்தும்கூட என்பதுதான் எங்கள் கருத்து.

முதலாவது, ஓ.எஸ்.எச்.சி. வாங்கும்போது உங்கள் வருத்தத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதே இல்லை. பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், படிப்பு தொடங்கும், முடியும் திகதிகள், காசு. அத்தோடு சரி. சீனி வருத்தம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே விலை. மறைக்க அங்கே இடமே இல்லை. (விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை வேறு விஷயம். அங்கே கேள்வி கேட்பார்கள். அங்கே பொய் சொன்னால் விசாவுக்கே வினை.)

கேள்வி கேட்காமல் எல்லாருக்கும் விற்கிறார்கள் என்றால் நிறுவனம் தன்னை எப்படிப் பாதுகாத்துக்கொள்கிறது? காத்திருப்புக் காலத்தை வைத்துத்தான். ஏற்கெனவே இருந்த உடல் வருத்தங்களுக்கு 12 மாதம், ஏற்கெனவே இருந்த மனநல நிலைமைகளுக்கு 2 மாதம். அந்தக் காலம் முடியும் வரை அந்த வருத்தத்துக்கான சிகிச்சைக்குக் காசு தரமாட்டார்கள். முடிந்தபின் மற்ற எதையும் போல அதற்கும் தருவார்கள். ஏஜென்சிக்காரர் சிலர் "பழைய வருத்தத்துக்குக் காப்புறுதி இல்லை" என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறார்கள். அது பிழை. இல்லை என்பதற்கும் 12 மாதம் கழித்து உண்டு என்பதற்கும் இடையில்தான் ஒரு மாணவன் எடுக்கவேண்டிய தீர்மானங்கள் எல்லாம் கிடக்கின்றன.

அடுத்தது, "ஏற்கெனவே இருந்த வருத்தம்" என்றால் என்ன? எங்கள் ஆட்கள் நினைப்பது, டொக்டர் ஒருவர் பெயர் சொல்லிக் கொப்பியில் எழுதின வருத்தம் என்று. அதனால்தான் "இப்ப ஸ்கேன் எடுக்காதை, அங்க போய்ப் பாப்பம், இங்க எழுதினால் மாட்டிக்கொள்ளும்" என்று தடுக்கிறார்கள். ஆனால் விதி அப்படி இல்லை. காப்பு தொடங்குவதற்கு முந்தைய 6 மாதத்தில் அந்த வருத்தத்தின் அறிகுறியோ அடையாளமோ இருந்ததா என்பதுதான் கேள்வி. பெயர் வைத்தார்களா, மருந்து எடுத்தீர்களா என்பது கணக்கில்லை. இருந்ததா இல்லையா என்று தீர்மானிப்பவர் நிறுவனம் நியமிக்கும் ஒரு மருத்துவர். உங்களைப் பார்க்கும் மருத்துவர் எழுதித் தருவதை அவர் கருத்தில் எடுக்கவேண்டும், ஆனால் முடிவு அவருடையது.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். இது நாங்கள் உருவாக்கின ஆள்தான், ஆனால் இவரைப் போன்றவர்கள் ஊரில் நிறைய. இருபத்திமூன்று வயதுப் பெடியன். 2024 ஓகஸ்டில் கிரிக்கெட் விளையாடிவிட்டு வந்து குளிக்கும்போது அடிவயிற்றில் வலப்பக்கம், தொடை தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் பொம்மலைக் காண்கிறார். படுத்தால் உள்ளே போகும், இருமினால் வெளியே வரும். நோவு பெரிதாக இல்லை. இடம் வெட்கமான இடம், ஆகவே ஒருவருக்கும் சொல்லவில்லை. 2025 பெப்ரவரி 17ஆம் திகதி மெல்பேர்னில் போய் இறங்குகிறார். படிப்போடு சுப்பர்மார்க்கற் ஒன்றில் இரவு நேரம் பெட்டி தூக்கும் வேலை. யூன் மாதம் பொம்மல் பெருத்து நோகத் தொடங்குகிறது.

இப்போது அவர் ஒரு ஜி.பி.யிடம், அதாவது குடும்ப வைத்தியரிடம் போகிறார். அவர் பார்த்த உடனே சொல்லிவிடுவார், இது குடலிறக்கம், ஹேர்னியா, சத்திரசிகிச்சை வேண்டும், அவசரம் இல்லை என்று. "எவ்வளவு காலமாக இருக்கு?" என்று கேட்பார். பெடியன் உண்மையைச் சொல்வார்: "போன வருசம் ஓகஸ்டிலயிருந்து." அது கணினியில் பதிவாகும்.

இந்த இடத்தில் சில அண்ணாமார் சொல்லிக்கொடுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. "போன கிழமைதான் வந்தது எண்டு சொல்லு." நாங்கள் இதை ஒழுக்கப் பாடமாக எடுக்கவில்லை. நடைமுறையில் அது எப்படி உடைகிறது என்பதை மட்டும் பாருங்கள். நிறுவனத்தின் மருத்துவர் உங்கள் வாயை மட்டும் நம்பி இருப்பதில்லை. பொம்மலின் அளவு, ஸ்கேனில் தெரியும் துவாரத்தின் அகலம் எல்லாம் ஓரளவு கதை சொல்லும். அதோடு, போன மாதம் வேறு கிளினிக்கில் தடிமனுக்குப் போனபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னதும் அங்கே குறிப்பில் இருக்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு. சிகிச்சை தரும் வைத்தியருக்கே பொய்த் தகவல் போகிறது. ஹேர்னியாவில் அது பெரிய சேதம் செய்யாமல் போகலாம். நெஞ்சு நோவிலோ வலிப்பிலோ "இதுதான் முதல் தரம்" என்று சொன்னால், மருந்தே பிழையாகப் போகும்.

சரி, உண்மையைச் சொன்னார். இனி நடப்பது இதுதான். ஜி.பி. ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் கடிதம் கொடுத்து அனுப்புகிறார். நிபுணரின் அலுவலகம் சிகிச்சைக்கான அரச அட்டவணை இலக்கத்தையும், எந்த ஆஸ்பத்திரி என்பதையும், எவ்வளவு செலவு என்பதையும் எழுதித் தரும். அந்தக் கடதாசியோடு பெடியன் காப்புறுதி நிறுவனத்துக்கு அழைத்து, "இந்த இலக்கம், இந்த ஆஸ்பத்திரி, எனக்குக் காப்பு உண்டா?" என்று கேட்கவேண்டும். வந்து ஒரு வருடம் ஆகவில்லை என்று கண்டதும் நிறுவனம் ஒரு மருத்துவப் படிவத்தை அனுப்பும். ஒரு பகுதியை ஜி.பி.யும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்பவேண்டும். அறிகுறி முதலில் எப்போது தோன்றியது என்பதுதான் அதில் முக்கிய கேள்வி. படிவம் திரும்பிப் போய்ச் சில வேலை நாட்களில் பதில் வரும். இந்தப் பெடியனுக்கு வரும் பதில் தெரிந்ததுதான்: 2026 பெப்ரவரி 17 வரை காத்திருப்பு.

இந்த அழைப்பை எடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்திருந்தால்? ஒப்பரேஷன் நடந்திருக்கும், பிறகு முழுப் பில்லும் இவர் பெயருக்கு வந்திருக்கும். திட்டமிட்ட சிகிச்சை எதற்கும் திகதி குறிக்க முதல் நிறுவனத்திடம் கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கி வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். தொலைபேசியில் ஒரு பிள்ளை "யெஸ், யூ ஆர் கவர்ட்" என்று சொன்னதை வைத்துக்கொண்டு பிறகு ஒன்றும் செய்யமுடியாது.

பெடியனுக்கு இப்போது மூன்று வழி இருக்கின்றன. முதலாவது, பாரம் தூக்கும் வேலையை விட்டுவிட்டு, ஜி.பி.யிடம் இடைக்கிடை காட்டிக்கொண்டு, பெப்ரவரி 17 வரை பொறுப்பது. நோவு குறைந்த ஹேர்னியாவைக் கவனித்துக்கொண்டு இருப்பது மருத்துவர்களே ஏற்றுக்கொள்ளும் ஒரு முறைதான். இரண்டாவது, நவம்பர் கடைசியில் செமஸ்ரர் முடிய ஊருக்கு வந்து அரச ஆஸ்பத்திரியில் செய்துகொண்டு போவது. சிகிச்சை இலவசம், விமான ரிக்கற்தான் செலவு. ஆனால் கிளினிக்கில் காட்டி, திகதி எடுத்து, செய்து, காயம் ஆற, பாரம் தூக்காமல் சில கிழமை இருக்கவேண்டும். மூன்று மாத விடுமுறைக்குள் அதை அடக்க நல்ல திட்டமும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும். மூன்றாவது, கைக்காசில் அங்கேயே தனியாரில் செய்வது. சொந்தக்காரர் கனடாவில் இருந்தால்தான் அந்தக் கதை.

ஆனால் நான்காவதாக ஒரு வழி இருந்தது, அது 2024 ஓகஸ்டில் இருந்தது. பெப்ரவரிக்கு இன்னும் ஆறு மாதம். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலோ வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ போய்க் காட்டியிருந்தால், ஒரு சதம் செலவில்லாமல் செய்துமுடித்து, காயம் ஆறி, டயக்னோசிஸ் கார்ட்டோடு விமானம் ஏறியிருக்கலாம். "இங்க காட்டாதை, எழுதிப்போடுவாங்கள்" என்ற அறிவுரையால் போவது இந்த வழிதான். சரிசெய்யக்கூடிய வருத்தத்தை இலவசமாகச் சரிசெய்யும் நாட்டிலிருந்து, அதைப் பொத்திக்கொண்டு, அதே வருத்தத்துக்கு ஒரு வருடம் காசு தராத நாட்டுக்குப் போகிறோம். ஹேர்னியா மட்டும் இல்லை. பித்தப்பைக் கல், அடிக்கடி வரும் ரொன்சில், மூலம், சூலகக் கட்டி என்று அவசரமில்லாத ஆனால் ஒரு நாள் செய்தே ஆகவேண்டிய எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

கடதாசி எப்போதும் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும் என்பதும் பிழை. போகமுதல் எடுத்த ஸ்கேனில் கல் இல்லை என்று இருந்து, போய் ஏழாம் மாதம் கல் வந்தால், அந்த ஸ்கேன் அறிக்கைதான் உங்களுக்குச் சாட்சி. ஒரு கடதாசியும் இல்லாதவர் "முன்னம் இல்லை" என்று எப்படிக் காட்டுவார்? கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், இரத்தப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் போனில் படமெடுத்து ஈமெயிலில் போட்டு வைத்திருங்கள்.

இனி அவசரம். இதைத்தான் ஆகக் கவனமாக வாசிக்கச் சொல்கிறோம், ஏனென்றால் இங்கே தவறாக விளங்கிக்கொண்டால் உயிர் போகும்.

காத்திருப்புக் காலம் அவசர சிகிச்சைக்குப் பொருந்தாது. பழைய வருத்தமாகவே இருந்தாலும், அவசர சிகிச்சை தேவைப்பட்டது என்று சிகிச்சை தந்த மருத்துவர் எழுத்தில் உறுதிப்படுத்தினால், 12 மாதம் முடியவில்லை என்ற காரணம் செல்லாது. மேலே சொன்ன பெடியனுக்கு ஒரு இரவு அந்தப் பொம்மல் உள்ளே போகாமல் கல்லாகி, கடும் நோவும் சத்தியும் வந்தால், அது குடல் நெரிபடும் அறிகுறி. அப்போது அது காத்திருக்கும் ஹேர்னியா இல்லை. உடனே 000க்கு அடிக்கவேண்டும். மருத்துவரீதியாகத் தேவையான அம்புலன்ஸும் காப்புக்குள் வரும்.

இப்படிப் பார்த்தால் இந்த முறைமை கொஞ்சம் குரூரமானதுதான். ஆபத்து வரும்வரை காசு தராது, ஆபத்து வந்தால் தரும். நாங்கள் இதை நியாயம் என்று சொல்லவரவில்லை. ஆனால் இருக்கிற விதி இதுதான் என்று தெரியாதவர்கள் அதைவிட மோசமான இடத்தில் நிற்கிறார்கள். ஏனென்றால் "உன்ர பழைய வருத்தத்துக்கு இன்சூரன்ஸ் இல்லை" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, மூச்சு முட்டும்போது அம்புலன்ஸ் பில்லை நினைத்துக்கொண்டு அறைக்குள் இருக்கும்.

மெல்பேர்ன் போகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்திருக்கவேண்டும். 2016 நவம்பர் 21ஆம் திகதி மாலை அந்த நகரத்தில் இடிமின்னலோடு ஒரு புயல் அடித்தது. புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்துத் துகளாகிக் காற்றில் கலந்தது. சில மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதுவரை முட்டு வருத்தமே இருக்கவில்லை, வசந்த காலத் தும்மல் மட்டும்தான். தெற்காசியப் பின்னணி உள்ளவர்கள் அவர்களில் விகிதத்துக்கு அதிகமாக இருந்தார்கள். ஆகவே சின்ன வயதில் முட்டு இருந்து "இப்ப சுகம்" என்று சொல்கிறவர்கள், ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை பம்பைப் பையில் வைத்திருங்கள். சல்பியூட்டமோல் பம்பை அங்கே மருந்துச்சீட்டு இல்லாமலே பார்மசியில் வாங்கலாம். அது வேலை செய்யாவிட்டால் 000. காப்புறுதியைப் பிறகு யோசிக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் உறுப்பினர் அட்டையையோ போனில் உள்ள அப்பையோ காட்டுங்கள். பெரும்பாலும் ஆஸ்பத்திரியே நிறுவனத்துக்கு நேரே பில் அனுப்பும். முடிந்தளவு விரைவாக, நீங்களோ கூட இருப்பவரோ நிறுவனத்துக்கு அறிவியுங்கள். நிலைமை சீராகி வாட்டுக்கு மாற்றினால், இதன்பிறகு வரும் சிகிச்சையும் அவசரத்துக்குள் அடங்குமா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் அதை நிறுவனம் வேறாகப் பார்க்கக்கூடும். வீட்டுக்கு வருமுன் மருத்துவரின் கடிதத்தையும் டிஸ்சார்ஜ் அறிக்கையையும் கையில் வாங்குங்கள்.

இன்னொன்று. கிளிநொச்சியில் இருக்கும் அம்மா அந்த நிறுவனத்துக்கு அழைத்தால் அவர்கள் ஒரு சொல்லும் சொல்லமாட்டார்கள். பதினெட்டு வயது கடந்தவரின் மருத்துவத் தகவல் அவருக்கே உரியது. மயங்கிக் கிடக்கும்போது படிவம் நிரப்ப முடியாது. போய்ச் சேர்ந்த முதல் கிழமையிலேயே, உங்கள் சார்பில் பேச அனுமதி உள்ளவர் என்று ஒருவரின் பெயரை நிறுவனத்தில் பதிவுசெய்யுங்கள். ஊரிலுள்ள பெற்றோரைவிட, அதே நகரத்தில் இருக்கும் ஒரு சிநேகிதர் அதற்குப் பொருத்தம்.

சாதாரண நாட்களில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். நிறுவனத்தோடு நேரடிக் கணக்கு வைத்திருக்கும் ஜி.பி.க்களின் பட்டியல் அப்பில் இருக்கும். அங்கே போனால் பெரும்பாலும் கையிலிருந்து கட்டத் தேவையில்லை, அல்லது கொஞ்சம்தான். வேறு இடம் போனால் முதலில் நீங்கள் கட்டிப் பிறகு கேட்டு வாங்கவேண்டும். அரச அட்டவணையில் ஒரு சாதாரண ஜி.பி. சந்திப்புக்கு உள்ள தொகை 2025இல் கிட்டத்தட்ட 43 டொலராக இருந்தது, நிறுவனம் தருவது அந்தத் தொகையைத்தான். அந்தக் கணக்கில் கிளினிக் 85 டொலர் கேட்டால் மிச்ச 42 உங்களுடையது. நிபுணர் என்றால் அட்டவணைத் தொகையிலும் 85 வீதத்தை மட்டும் தருவதுதான் வழமை. "நூறு வீதம் கவர்" என்று ஏஜென்சி சொல்வது அட்டவணைத் தொகையின் நூறு வீதத்தை, உங்கள் பில்லின் நூறு வீதத்தை அல்ல. கேட்டு வாங்குவதற்கு அப்பில் பற்றுச்சீட்டைப் படமெடுத்துப் போட்டால் போதும், ஆனால் அதில் மருத்துவரின் பதிவு இலக்கமும் சேவையின் இலக்கமும் இருக்கவேண்டும். வெறும் கார்ட் மெஷின் துண்டை அனுப்பினால் திரும்பி வரும். பழைய வருத்தத்துக்கான காத்திருப்பு ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு மட்டுமா, ஜி.பி. சந்திப்புக்குமா என்பதை உங்கள் நிறுவனத்தின் கைநூலில் தேடிப் பாருங்கள். மாதாமாதம் வைத்தியரைப் பார்க்கவேண்டியவர்களுக்கு நிறுவனத்தைத் தெரிவுசெய்ய இதைவிட நல்ல கேள்வி இல்லை.

மருந்துதான் நாட்பட்ட வருத்தம் உள்ளவர்களின் உண்மையான பிரச்சினை. அடிப்படைக் காப்பில் மருந்தொன்றுக்கு ஆகக்கூடியது 50 டொலர், தனியாளுக்கு வருடத்துக்கு மொத்தம் 300 டொலர். அதுவும் ஒவ்வொரு மருந்துக்கும் முதலில் ஒரு குறிப்பிட்ட தொகையை நீங்கள் கட்டியபிறகு, அதற்கு மேற்பட்டதற்குத்தான். 2025இல் அந்தத் தொகை 31.60 டொலராக இருந்தது. அந்தத் தொகையை வைத்துக் கணக்குப் பார்த்தால், 25 டொலர் மருந்துக்கு ஒன்றும் வராது. 70 டொலர் மருந்துக்கு 38.40 வரும், அப்படி எட்டாவது தரம் வாங்கும்போது வருடத்தின் 300 முடிந்துவிடும். இன்சுலின் போடுகிறவரோ வலிப்புக்கு மருந்து எடுப்பவரோ இதை நம்பிப் போகமுடியாது. சொந்தப் பாவனைக்கு 3 மாத மருந்தைக் கையோடு கொண்டுபோக அவுஸ்திரேலியா அனுமதிக்கிறது. வைத்தியரின் ஆங்கிலக் கடிதமோ மருந்துச்சீட்டோ வேண்டும், மருந்து அதன் பெட்டியிலேயே இருக்கவேண்டும், இறங்கும்போது அட்டையில் அறிவிக்கவேண்டும். கடிதத்தில் வணிகப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் எழுதுவியுங்கள். கொழும்பில் ஒரு பெயரில் விற்பது சிட்னியில் வேறு பெயரில் இருக்கும்.

பல்லும் கண்ணும் அடிப்படைக் காப்பில் இல்லை. ஞானப்பல்லைப் பிடுங்குவதையும் கண்ணாடி மாற்றுவதையும் இங்கேயே முடித்துக்கொண்டு போங்கள். அவுஸ்திரேலியாவுக்கு வெளியே நடக்கும் எதற்கும் இந்தக் காப்புறுதி காசு தராது. விடுமுறையில் ஊருக்கு வந்து டெங்கோடு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் சரி, போகும் வழியில் சிங்கப்பூரில் மயங்கி விழுந்தாலும் சரி, அது உங்கள் செலவு. பயணத்துக்கென்று கொழும்பில் தனியே ஒரு காப்புறுதி வாங்கினால், பழைய வருத்தம் பற்றி அதன் விலக்குகள் பகுதியில் என்ன இருக்கிறது என்று காசு கட்டமுதல் வாசியுங்கள். அவற்றில் அநேகமாகக் காத்திருப்புக் காலம் என்ற கதையே இல்லை, ஒரேயடியாக இல்லைதான்.

மனநலத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். காத்திருப்பு 2 மாதம் மட்டும்தான் என்பது எங்கள் சமூகத்துக்கு ஒரு நல்ல செய்தி, ஆனால் அதை ஒருவரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. மருந்து எடுத்துக்கொண்டிருந்த பிள்ளையிடம் "அங்க போய் ஒருத்தருக்கும் சொல்லாதை" என்று சொல்லி அனுப்புகிறார்கள். பிள்ளை மருந்தைப் பாதியில் விடுகிறது, மூன்றாம் மாதம் உடைகிறது. அதற்குள் காத்திருப்பே முடிந்திருக்கும். 3 மாத மருந்தும் கடிதமும் கையில் இருந்தால் அந்த 2 மாதத்தையும் தாண்டிவிடலாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவச உளவள ஆலோசனை உண்டு, அதற்குக் காப்புறுதியே தேவையில்லை.

கடைசியாக, "இல்லை" என்று பதில் வந்தால். அது கடைசிப் பதில் இல்லை. எந்த அறிகுறியை, எந்தத் திகதியை வைத்து முடிவெடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். படிவத்தில் ஜி.பி. "சில வருடங்களாக முதுகு நோ" என்று பொதுவாக எழுதியிருப்பார். உங்களுக்கு இப்போது வந்ததோ விழுந்ததால் வந்த வேறு நோவு. அப்படியானால் ஜி.பி.யிடம் திருத்தமான கடிதம் வாங்கி, மறுபரிசீலனை கேட்கலாம். அதிலும் சரிவராவிட்டால் கொமன்வெல்த் ஒம்புட்ஸ்மன் அலுவலகத்துக்கு எழுதலாம். வெளிநாட்டு மாணவர் காப்புறுதி முறைப்பாடுகளையும் அவர்கள் எடுப்பார்கள், காசு இல்லை, விசாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இடையில் விலை மலிவு என்று நிறுவனம் மாறினாலும், பழைய நிறுவனத்தில் கழித்த காத்திருப்பு மாதங்கள் கூடவே வரும். ஆனால் இடைவெளி விழாமல் மாறுங்கள்.

ஏஜென்சிகளிடம் எங்களுக்கு ஒரு கேள்வி உண்டு. ஐந்தாறு நிறுவனங்கள் இந்தக் காப்புறுதியை விற்கின்றன. விற்றுக் கொடுப்பவருக்குத் தரகு உண்டு. எந்த நிறுவனம், ஏன் அது, கைநூல் எங்கே என்று ஒரு பிள்ளைக்காவது நீங்கள் காட்டுகிறீர்களா? காட்டாதவரிடம் போகிறவர்கள், ஓ.எஸ்.எச்.சி.யை நீங்களே நேரே நிறுவனத்தின் தளத்தில் வாங்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கார்ட் ஒன்றும் அரை மணித்தியாலமும் போதும். ஏஜென்சியே வாங்கித் தந்தாலும், உறுப்பினர் இலக்கம் உங்கள் ஈமெயிலுக்கு வந்ததா, ஏஜென்சியின் ஈமெயிலுக்கா என்று பாருங்கள். அவர்களுடையதுக்கு என்றால் விமானம் ஏறமுதல் மாற்றுவியுங்கள், அப்பைத் திறக்க அந்த ஈமெயில்தான் வேண்டும்.